ஆங்கிலச் சுருக்கத்தை எங்கே வைப்பது? ராகிக் கொல்லையில் ஒரு வானொலி நாடகம்

தேன்கனிக்கோட்டைப் பக்கம் ராகிக் கதிர் முற்றும் நாட்களில் ராத்திரி யாரும் ஒழுங்காகத் தூங்குவதில்லை. பன்னர்கட்டா காட்டிலிருந்து யானைகள் இறங்கி வரும் பருவம் அது. பரண் கட்டி, தகர டின்னும் டார்ச்சுமாக உட்கார்ந்திருப்பார்கள். அந்த ஓர் இரவைப் பன்னிரண்டு நிமிட வானொலி நாடகமாக எழுத நாங்கள் நான்கு பேர் உட்கார்ந்தோம். வசனம் தமிழில், ஆனால் தமிழ் தெரியாதவர்களும் பின்தொடர ஒரு சின்ன ஆங்கிலச் சுருக்கம் வேண்டும். ஓசூர்த் தொழிற்சாலைகளில் ஒடிசா, பீகார், அசாம் என்று எங்கெங்கிருந்தோ வந்தவர்கள் வேலை பார்க்கிறார்கள், அவர்களில் பலருக்குப் பொதுவாக இருப்பது கொஞ்சம் இந்தி, கொஞ்சம் ஆங்கிலம். எங்களில் யாருக்கும் இந்தி எழுத வராது என்பதால் ஆங்கிலம். அவ்வளவுதான் காரணம்.

கதை எளிது. பரண்மேல் ஒரு தாத்தா, ஒரு பேரன். பேரன் ஓசூரில் கம்பெனி வேலை பார்க்கிறான், பெயர் சின்னு. நிலத்தை விற்றுவிடலாம் என்று சொல்ல வந்திருக்கிறான், வாய் வரவில்லை. யானை வருகிறது. கதை ஒரு நாளில் முடிந்துவிட்டது, சுருக்கத்தை எங்கே வைப்பது என்ற சண்டைதான் ஒரு வாரம் ஓடியது. முன்னாலா, பின்னாலா, காட்சிக்குக் காட்சி நடுவிலா. இது ஏதோ கடைசியில் ஒட்டிக்கொள்ளும் விஷயம் என்று நினைத்துத்தான் ஆரம்பித்தோம், ஆனால் அதை எங்கே வைக்கிறோமோ அதற்கேற்ப ஒலிகளையும் வசனத்தையும் வேறு மாதிரி எழுத வேண்டியிருக்கிறது. அதனால் ஒரே காட்சியை மூன்று விதமாக எழுதிப் பார்த்தோம்.

அடிப்படைக் காட்சி இதுதான்:

11. ஒலி: சிள்வண்டு, தொடர்ந்து, அடியில்.
12. தாத்தா: (தணிந்த குரலில்) டார்ச்ச அணை.
13. சின்னு: ஏன் தாத்தா, இப்பதான...
14. ஒலி: புல் வேரோடு பிடுங்கும் 'சரக்'. பிறகு 'தப், தப்'. சிள்வண்டு சட்டென்று நிற்கிறது.
15. தாத்தா: நம்ம கொல்லதான்.

14ஆம் வரிதான் யானை. யானை புல்லையோ பயிரையோ கொத்தாகப் பிடுங்கினால் வேரில் ஒட்டிய மண்ணை உதிர்க்க முன்னங்காலில் இரண்டு அடி அடிக்கும், அப்புறம்தான் வாய்க்குள் போகும். அந்தச் சத்தத்தை இருட்டில் கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள். பிளிறல் ஒன்றைப் போட்டுவிட்டால் வேலை முடிந்தது என்றுதான் நாங்களும் முதலில் நினைத்தோம். ஆனால் கொல்லைக்குள் மேய வரும் யானை பெரும்பாலும் சத்தமே போடாது, பாதம் மெத்தை மாதிரி இருப்பதால் நடை கூடக் கேட்காது. காவல் இருப்பவர்களிடம் பிளிறலைப் போட்டுக் காட்டினால் சிரிப்பார்கள்.

இப்போது சுருக்கம் கடைசியில் என்று வைத்துக்கொள்வோம். நாடகம் முழுக்கத் தமிழில் ஓடி முடிந்ததும் ஒரு நிமிடம் ஆங்கிலத்தில் இதுவரை நடந்தது இது என்று சொல்வது. தமிழ் கேட்பவருக்கு எந்த இடைஞ்சலும் இல்லை, முடிவையும் தாராளமாகச் சொல்லலாம், எழுதுவதும் சுலபம். எங்களில் இரண்டு பேருக்கு இதுதான் பிடித்தது. ஆனால் தமிழ் தெரியாதவர் பதினொரு நிமிடம் எதுவும் புரியாமல் உட்கார்ந்திருப்பார் என்று எதிர்பார்க்க முடியுமா? வானொலியில் காதை மாற்றுவதற்கு ஒரு விரல் அசைவு போதும். 14ஆம் வரியில் அவருக்குக் கேட்பது ஏதோ துணி துவைக்கிற சத்தம். கடைசியில் அதுதான் யானை என்று தெரியும்போது பயப்படுவதற்கான நேரம் போய்விட்டது.

ஒரு விதிவிலக்கு உண்டு. உங்கள் ஆங்கிலச் சுருக்கம் தமிழ் தெரியாதவருக்கு இல்லை, ஆங்கிலம் பழகும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு என்றால் கடைசிதான் சரியான இடம். கதை ஏற்கெனவே மண்டைக்குள் இருக்கும், அதே கதை ஆங்கிலத்தில் வரும்போது தெரியாத சொல்லையும் ஊகித்துக்கொள்வார்கள். பள்ளிக்கூடத்துக்காக எழுதுகிறீர்கள் என்றால் இதற்கு மேல் யோசிக்க வேண்டாம்.

நடுநடுவே வைப்பது இரண்டாவது வழி. நான்கு காட்சி, ஒவ்வொன்றுக்கும் முன்னால் இருபது விநாடி ஆங்கிலம். கணக்குப் போட்டால் எண்பது விநாடி, பன்னிரண்டு நிமிடத்தில் ஒன்பதில் ஒரு பங்கு. காகிதத்தில் இதுதான் எல்லாருக்கும் நியாயமாகத் தெரியும். மேலே உள்ள காட்சியில் இதை வைத்துப் பார்த்தோம். 13க்கும் 14க்கும் நடுவில் வைக்க முடியாது, மூச்சு அறுந்துவிடும். 11க்கு முன்னால் வைத்தால், கிழவர் ஏதோ கேட்கிறார், யானை வந்துவிட்டது என்று ஆங்கிலக் குரல் முதலிலேயே சொல்லிவிடுகிறது. ஆங்கிலமும் ஓரளவு தெரிந்த தமிழர்தான் இங்கே அதிகம், அவர்களுக்கு ஒவ்வொரு காட்சியும் இரண்டு தடவை நடந்த மாதிரி இருக்கும், அதுவும் முதல் தடவை சுவை இல்லாமல். பரண்மேல் இருக்கிற இருட்டுக்குள் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போக மூன்று நிமிடம் ஆகிறது, இருபது விநாடி ஆங்கிலம் அதைக் கலைத்துவிடுகிறது, மறுபடி முதலிலிருந்து கட்ட வேண்டும். காலமும் இடமும் தாவித் தாவிப் போகும் அரை மணி நேர நாடகமாக இருந்தால் இந்தப் பாலங்கள் இல்லாமல் முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஒரே இரவு, ஒரே பரண், இரண்டே குரல் என்றால் தேவையில்லை.

பேரன் ஆங்கிலத்தில் போனில் பேசுகிற மாதிரி வைத்து விஷயத்தைச் சொல்லிவிடலாமே என்று ஒரு யோசனையும் வந்தது. யானைக்குப் பயந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவன் சூப்பர்வைசருக்கு ஆங்கிலத்தில் கதை சொல்வானா? அதை அன்றைக்கே விட்டோம்.

மூன்றாவது, முன்னால் வைப்பது. இதற்கு உடனே வந்த மறுப்பு இரண்டு. ஒன்று, கதை உடைந்துவிடும். இரண்டு, நாடகம் என்று திறந்தால் முதல் சொல்லே ஆங்கிலம், அஞ்செட்டிப் பாட்டி ரேடியோவை அணைத்துவிடுவாள். இரண்டும் உண்மையான மறுப்புதான், இரண்டுக்கும் வழி இருந்தது.

பாட்டிக்காக, நாடகத்தை ஆங்கிலத்தில் திறக்காமல் ஒலியில் திறந்தோம். சிள்வண்டு, தூரத்தில் தகரம் அடிக்கும் சத்தம், பிறகு தாத்தாவின் ஒரே வரி: "கீழ்க்கொல்லைக்கு வந்துட்டாப்ல இருக்குது." இருபது விநாடி. அதற்குப் பிறகு சிள்வண்டு அடியில் ஓட, அதன்மேல் ஆங்கிலக் குரல் நாற்பத்தைந்து விநாடி. தாத்தா என்ன செய்யப் போகிறார் என்ற கேள்வி தொங்கிக்கொண்டிருப்பதால் தமிழ் கேட்பவர் காத்திருக்கிறார். ஒலி அறுபடாமல் ஓடுவதால் இது அறிவிப்பு மாதிரி இல்லாமல் நாடகத்துக்குள்ளேயே நடப்பதாகப் படுகிறது.

கதை உடையும் என்ற மறுப்புக்குத்தான் நாங்கள் நிறைய அடித்துத் திருத்தினோம். முதலில் எழுதிய சுருக்கம் கதையைச் சொன்னது. திருத்தித் திருத்தி மிஞ்சிய சுருக்கம், கேட்பவர் கையில் சாவியை மட்டும் கொடுத்தது. ஐந்தே வாக்கியம், அவற்றின் பொருள் இவ்வளவுதான். இரவு, காட்டோரத்தில் ஒரு ராகிக் கொல்லை, மரத்தின்மேல் பரண். காவலுக்கு ஒரு முதியவரும் அவர் பேரனும், பேரன் அவரைக் கூப்பிடும் சொல் 'தாத்தா'. பேரன் நகரத்தில் வேலை செய்கிறான், நிலத்தை விற்கச் சொல்ல வந்திருக்கிறான், இன்னும் சொல்லவில்லை. தகரம் அடிப்பது கேட்டால் அடுத்த கொல்லையில் யானை. எதையோ பிடுங்கி இரண்டு தரம் அடிப்பது கேட்டால் யானை இந்தக் கொல்லையில். இங்கே நிறுத்திவிட்டோம். என்ன ஆனது என்று ஒரு சொல் கூட இல்லை.

ஆக தமிழ் தெரியாதவரிடம் நாம் நினைவில் வைக்கச் சொல்வது ஒரு தமிழ்ச் சொல்லும் இரண்டு ஒலியும்தான். நான்காவதாக நாய் குரைப்பையும் சேர்த்துப் பார்த்தோம், கேட்டவருக்குக் குழப்பம்தான் வந்தது. 14ஆம் வரியில் 'சரக், தப், தப்' வரும்போது அவருக்குத் தெரியும், பேரனுக்கு இன்னும் தெரியாது. தமிழ் கேட்பவரை விட அவர் ஒரு நொடி முன்னால் பயப்படுகிறார். மொழி தெரியாதவருக்கு இந்த நாடகத்தில் கிடைக்கிற ஒரே சலுகை அது, அதனால்தான் நான் முன்னால் வைக்கும் கட்சி.

ஆங்கிலம் எவ்வளவு எளிதாக இருக்க வேண்டும் என்பதற்கு நல்ல முன்மாதிரி ஒன்று இருக்கிறது. வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா 1959இல் ஸ்பெஷல் இங்கிலீஷ் என்று ஒரு ஒலிபரப்பைத் தொடங்கியது. சுமார் 1500 சொற்களுக்குள், சிறு வாக்கியங்களாக, வழக்கமான செய்தி வேகத்தில் மூன்றில் இரண்டு பங்கு வேகத்தில் வாசித்தார்கள். அதே அளவை எடுத்துக்கொண்டோம். எங்கள் நாற்பத்தைந்து விநாடிக்கு எண்பது சொல்லுக்குள் அடங்கியது. வாசிப்பவருக்கு உதவியாக இருக்கட்டும் என்று ஆங்கிலத்தைத் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது, தயவுசெய்து வேண்டாம். 'பேர்' என்று எழுதிக் கொடுத்தால் அது கரடியா ஜோடியா என்று வாசிப்பவருக்கு எப்படித் தெரியும்?

தமிழ்ப் பகுதிக்கு அந்தச் சொற்கணக்கு ஒத்துவராது. நிமிடத்துக்கு நூற்றைம்பது சொல் என்கிற ஆங்கில வாய்ப்பாட்டை நம்பி எழுதினால் நாடகம் நீண்டுவிடும், 'வந்துகொண்டிருக்கிறார்கள்' என்பது நமக்கு ஒரே சொல். எழுதியதை வாய்விட்டுப் படித்து, கைபேசியில் ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்ப்பதுதான் வழி, ஒலிக்கான இடைவெளியையும் சும்மா இருந்து கழிக்க வேண்டும்.

வசனம் எழுதும்போது தற்செயலாகப் பிடிபட்டது ஒன்று. தமிழில் வினை கடைசியில் வரும். அதனால் ஒரு வரியைப் பாதியில் ஒலியால் வெட்டினால் போய்விடுவது வினைதான். "தாத்தா, அந்த வேலிய..." என்று சின்னு ஆரம்பிக்கும்போதே மூங்கில் முறியும் சத்தம் வந்தால், தள்ளியதா முறித்ததா என்பதை வாய் சொல்லவில்லை, ஒலி சொல்லிவிட்டது. தமிழருக்கும் ஒடிசாக்காரருக்கும் அந்த இடத்தில் கிடைக்கும் தகவல் ஒன்றேதான். அதன் பிறகு நாடகத்தில் முக்கியமான ஐந்து இடங்களில் வினையை எடுத்துவிட்டு ஒலியை வைத்தோம். வானொலி நாடகத்தில் வழக்கமாக வரும் "அதோ பார், யானை வேலியை உடைக்கிறது!" வகை வசனம் எல்லாம் தானாகவே உதிர்ந்தது. இருட்டில் யாரும் அப்படிப் பேசுவதும் இல்லை.

ஸ்கிரிப்ட் அச்சில் ஒரு சின்னச் சிக்கல். ஆங்கில வானொலி ஸ்கிரிப்டில் ஒலிக்குறிப்பைப் பெரிய எழுத்தில் போட்டுப் பிரித்துக் காட்டுவார்கள், நமக்குப் பெரிய எழுத்து கிடையாது. முதல் ஒத்திகையில் தாத்தாவாக நடித்தவர் "சிள்வண்டு சட்டென்று நிற்கிறது" என்பதை உருக்கமாக வாசித்துவிட்டார். அதற்குப் பிறகு எல்லா ஒலி வரிக்கும் அடிக்கோடு, முன்னால் 'ஒலி' என்ற சொல், எல்லா வரிக்கும் எண். ஒரு வரிக்கு ஒரு ஒலித் தொகுப்புதான். "14ஐ மறுபடி எடுப்போம்" என்றால் எல்லாரும் ஒரே இடத்துக்கு வருவார்கள்.

சரி, ஒலிகளுக்கு வருகிறேன். எங்களுடைய பெரிய தப்பு யானையின் உறுமல். இணையத்தில் நல்ல பதிவு ஒன்று கிடைத்தது, ஹெட்போனில் கேட்டால் நெஞ்சு அதிர்ந்தது. எட்டு விநாடி அதை மட்டும் ஓடவிட்டோம். கைபேசி ஸ்பீக்கரில் போட்டால் ஒன்றுமே இல்லை. யானை உறுமலின் அடிநாதம் 20 ஹெர்ட்ஸை ஒட்டி, சில நேரம் அதற்கும் கீழே இருக்கும். மனிதக் காது கேட்பதே 20 ஹெர்ட்ஸிலிருந்துதான், கைபேசியின் குட்டி ஸ்பீக்கர் சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே தடுமாறும். கேட்டுப் பார்த்த நண்பர் ஃபைல் நின்றுவிட்டது என்று நினைத்து மறுபடி அழுத்தினார். எந்த ஒலியையும் ஸ்டுடியோ ஹெட்போனில் கேட்டு முடிவு செய்யாதீர்கள், இருக்கிறதிலேயே மட்டமான போனில் போட்டுக் கேளுங்கள்.

'சரக், தப், தப்' கேட்பவருக்குச் சாவி என்பதால் அதற்குத்தான் அதிக நேரம் கொடுத்தோம். மண்ணோடு ஒரு அன்னக்கூடை நிறையப் புல் வெட்டி வந்து, மைக்கிலிருந்து அரை அடியில் வைத்து மெதுவாகப் பிடுங்கினோம். வேகமாகப் பிடுங்கினால் ஆடு மேய்வது போல இருக்கிறது. அடிப்பதற்கு, நனைத்து மடித்த கோணிச்சாக்கைத் தொடைமேல் போட்டு அதன்மேல் அதே புற்கொத்து. வெறும் தொடையில் அடித்தால் கைதட்டல் ஆகிவிடுகிறது. இரண்டு அடிக்கும் நடுவில் ஒரு விநாடி விட வேண்டும், பெரிய உடம்பு என்பது அந்த இடைவெளியில்தான் தெரிகிறது.

தகரம் வேறு மாதிரி. அது தூரத்தில் கேட்க வேண்டும். ஒலியளவைக் குறைத்தால் தூரம் வந்துவிடும் என்று நினைப்போம், வராது, பக்கத்தில் யாரோ சின்ன டின்னைத் தட்டுகிற மாதிரிதான் இருக்கும். மைக்கை மொட்டை மாடியில் வைத்துவிட்டு ஒருவர் தெருக்கோடிக்குப் போய் அடித்ததும் சரியாக வந்தது. ஆனால் கிருஷ்ணகிரியில் எந்த நேரத்தில் மாடியில் நின்றாலும் நெடுஞ்சாலை லாரி கேட்கும், அதனால் உள்ளே தள்ளி ஒரு கிராமத்துக்குப் போக வேண்டியிருந்தது. பரண்மேல் பேசும் வசனங்களை எதிரொலி இல்லாத அறையில் எடுக்க வேண்டும், வெட்டவெளியில் சுவர் ஏது? கொடியில் கம்பளியும் போர்வையும் தொங்கவிட்டு அதற்குள் இரண்டு பேரையும் உட்கார வைத்தோம். ஏப்ரல் மாதம், வேர்த்துக் கொட்டியது.

மூன்று வடிவத்தையும் ஓசூரில் வாடகைக்கு இருக்கும் ஒடிசா நண்பர் ஒருவரிடமும் அவர் அறைத் தோழர்களிடமும் ஆளுக்கு ஒன்றாகப் போட்டுக் காட்டினோம். மூன்று இடத்தில் நிறுத்தி, இப்போது என்ன நடக்கிறது என்று மட்டும் கேட்போம், நன்றாக இருக்கிறதா என்று கேட்கவே மாட்டோம், அதற்கு எல்லாரும் ஆமாம் என்பார்கள். கடைசியில் சுருக்கம் வைத்த வடிவத்தைக் கேட்டவர் பாதியில் போனை எடுத்துவிட்டார். நடுவில் வைத்ததைக் கேட்டவர் எல்லாம் சரியாகச் சொன்னார், ஆனால் ஆங்கிலக் குரல் சொன்னதைத்தான் திருப்பிச் சொன்னார், காட்சியைச் சொல்லவில்லை. முன்னால் வைத்ததைக் கேட்டவர் 14ஆம் வரியில் நாங்கள் நிறுத்துவதற்கு முன்பே கையை ஓங்கித் தொடையில் அடித்துக் காட்டினார். நிலம் விற்கும் பேச்சு எங்கே வந்தது என்று அவரால் சொல்ல முடியவில்லை, அதையும் சொல்லியாக வேண்டும். குரல் மாறுகிறது, பேரன் ஏதோ கஷ்டமாகச் சொல்கிறான் என்றார். அது ஒலியால் ஆகிற காரியம் இல்லை. அந்த இடத்தில் சின்னுவை ஒரு நீண்ட மௌனம் விடச் சொன்னோம், அதற்கு மேல் எங்களால் முடியவில்லை.

ஒலிபரப்பாக இல்லாமல் வாட்ஸ்அப்பில் கோப்பாக அனுப்பப் போகிறீர்கள் என்றால் கணக்கு கொஞ்சம் மாறும். கதைச் சுருக்கத்தைச் செய்தியின் அடியிலேயே எழுதிவிடலாம், குரலில் இரண்டு ஒலியின் பொருளை மட்டும் பதினைந்து விநாடியில் சொன்னால் போதும். அந்தப் பதினைந்து விநாடியையும் எடுத்துவிடாதீர்கள், வண்டி ஓட்டிக்கொண்டே கேட்பவர் எழுத்தைப் படிக்க மாட்டார்.

எதில் வைத்தாலும் ஆங்கிலச் சுருக்கத்தைக் கடைசியாகப் பதிவு செய்யுங்கள். வாசிப்பவர் அன்றைக்குத்தான் ஊரில் இருந்தார் என்று நாங்கள் முதலிலேயே எடுத்துவிட்டோம். எடிட்டிங்கில் நேரம் மீறவே நடுவில் வரும் தகர டின் காட்சியை வெட்டினோம். வெட்டியது சுருக்கத்துக்குத் தெரியாதே, தகரம் கேட்டால் யானை பக்கத்தில் என்று அது பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. நாடகம் முடிந்து பெயர்கள் எல்லாம் வாசித்த பிறகும் ஒருவர் தகரச் சத்தம் எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.